ஜாமீன் கையெழுத்து
(இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் – கணிதம்)

"ஒரு கையெழுத்துத்தானே, போட்டுவிட்டுப் போங்களேன்!" என்னும் சொல்லைக் கேட்காத மாதச் சம்பளக்காரர் நம் நாட்டில் இருக்க முடியாது. கல்யாண வீட்டிலும், டீக்கடையிலும், அலுவலக வராந்தாவிலும் இச்சொல் மிக மென்மையாகச் சொல்லப்படுகிறது. பணம் கேட்டால் இல்லை என்று கூறிவிடலாம். கையெழுத்தை இல்லையென்று எப்படிக் கூறுவது? அதனால் நண்பருக்காக, மைத்துனருக்காக, உடன் வேலை பார்ப்பவருக்காக எத்தனையோ பேர் வங்கிப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பேனாவை வைத்துவிடுகிறார்கள். அந்தப் படிவம் அவர்களை என்ன ஆக்குகிறது என்பதையே இக்கட்டுரையில் காண்போம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவனே ஆதலால், வீட்டிற்கு வரும் கடிதங்களையும் நோட்டீசுகளையும் படித்துச் சொல்லும் வேலை என்னுடையது. அப்படிப் படிக்க நேர்ந்ததன் விளைவே இது.

முதலில் 'ஜாமீன்' என்னும் சொல்லே நம்மைக் குழப்புகிறது. போலீஸ் வழக்கில் ஒருவரை ஜாமீனில் எடுக்கிறோம். அங்கே ஜாமீன்தாரரின் வேலை, குறித்த நாளில் அந்த நபரைக் கோர்ட்டில் ஆஜர்படுத்துவது. ஆளைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. கடனுக்கும் இதே சொல்லைப் பயன்படுத்துவதால், "அவன் ஓடிவிட்டால் தேடிப் பிடித்துக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்" என்று பலர் மனப்பூர்வமாக நம்புகிறார்கள். கடன் ஜாமீனில் ஆளைக் கேட்பதில்லை, பணத்தைத்தான் கேட்பார்கள்.

இன்னொரு குழப்பம் சாட்சிக் கையெழுத்தைப் பற்றியது. புரோ நோட்டில் சாட்சியாகக் கையெழுத்திடுபவர், "இவர் என் கண்முன் எழுதிக் கொடுத்தார்" என்று பின்னால் சொல்லக் கடமைப்பட்டவரே தவிர, ஒரு காசும் தரவேண்டியவர் அல்லர். ஆனால் கடன் வாங்குபவரோடு சேர்ந்து, "நாங்கள் இருவரும்" என்று தொடங்கும் நோட்டில், ஒட்டிய ஸ்டாம்பின்மேல் கையெழுத்திட்டவர் சாட்சியும் அல்லர், வெறும் ஜாமீனும் அல்லர், அவரும் கடன்காரரே. "பணம் முழுவதையும் அவன்தான் எடுத்துக்கொண்டான், நான் துணைக்குப் போட்டேன்" என்பது அவ்விருவருக்குள் உண்மையாக இருக்கலாம். கடன் கொடுத்தவருக்கே அது தெரிந்திருக்கவும் கூடும். அப்படியிருந்தும் அவரிடம் அந்த வாதம் செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 132-ஆம் பிரிவு கூறுகிறது. கையெழுத்து ஒன்றுபோலவே இருந்தாலும், தாளில் அது எந்த இடத்தில் விழுகிறது என்பதில் இத்தனை வேறுபாடு!

வங்கிக்கு வருவோம். 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வணிகவியல் துறைப் பேராசிரியர் ஒருவர் தம் புத்தகத்தை எனக்கு இரவல் தந்தார். கடன் கொடுத்தவர், கடன் வாங்கியவர், பிணை நிற்பவர் என்னும் மூவரைப் பற்றிய பிரிவுகள் 126 முதல் 147 வரை அதில் உள்ளன. எல்லாவற்றிற்கும் அடிப்படை 128-ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்படாதவரை, பிணை நிற்பவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்பதே அதன் சாரம். அவருக்கு அசல், வட்டி, செலவு என்று எவ்வளவு பாக்கியோ அவ்வளவும் இவருக்கும் பாக்கி.

அளவு மட்டுமல்ல, காலமும் சமமே. இங்கேதான் நம்மவர்கள் பெரிதும் ஏமாறுகிறார்கள். "முதலில் வாங்கியவனைக் கேட்கட்டும், அவன் சொத்தை ஜப்தி செய்யட்டும், அதிலும் தீராவிட்டால் என்னிடம் வரட்டும்" என்பதே பொதுவான எண்ணம். நியாயமாகத் தோன்றும் எண்ணம்தான். பீகார் வங்கிக்கும் டாக்டர் தாமோதர் பிரசாத் என்பவருக்கும் நடந்த வழக்கில் கீழ்க்கோர்ட்டும் அப்படியே நினைத்து, கடனாளியிடம் வசூலிக்கும் வழிகளையெல்லாம் தீர்த்துவிட்டுத்தான் பிணையாளரிடம் போகவேண்டும் என்று நிபந்தனை போட்டது. பாட்னா உயர்நீதிமன்றமும் அதில் தலையிடவில்லை. 1968-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. கடனாளியிடம் உடனே வசூலிக்க முடியாமற் போகலாம் என்பதற்காகத்தானே வங்கி ஜாமீன் வாங்குகிறது? பிணையாளரிடம் போகுமுன் காத்திரு என்று வங்கியிடம் கூறினால் ஜாமீன் எதற்கு என்பது அத்தீர்ப்பின் போக்கு. ஆகவே வங்கி விரும்பினால் இருவர்மீதும் ஒரே சமயத்தில் வழக்குத் தொடரலாம். பிணையாளரிடம் மட்டுமே வசூலிக்கவும் முனையலாம்.

"இதில் எனக்கு ஒரு பைசா லாபம் இல்லையே, பிறகு எப்படி என்னைக் கட்டுப்படுத்தும்?" என்று என் தாய்மாமன் கேட்டார். 127-ஆம் பிரிவு அதற்கும் விடை வைத்திருக்கிறது. கடன் வாங்கியவருக்குப் பணம் கிடைத்ததே போதும். பிணையாளருக்கென்று தனிப் பலன் எதுவும் வேண்டியதில்லை.

தாய்மாமனைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அவர் ஓர் அரசு அலுவலகத்தில் அலுவலக உதவியாளர். பத்தாம் வகுப்புவரை உடன் படித்த நண்பர் ஒருவர், 2022 ஏப்ரலில் சரக்கு ஆட்டோ வாங்க ஒரு வங்கியில் 3,00,000 ரூபாய் கடன் பெற்றார். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், 36 மாதத் தவணை, வண்டி வங்கியின் பெயரில் ஈடு. மாமாவும், அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவரும் ஜாமீன் போட்டார்கள். அன்று மாமா கையெழுத்திட்ட இடங்கள் பதினொன்று என்று அவருக்கு நினைவிருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்பது நினைவில் இல்லை. படிவம் முழுவதும் ஆங்கிலம்.

தவணைத் தொகை மாதம் 9,964 ரூபாய். நண்பர் பத்துத் தவணை ஒழுங்காகக் கட்டினார். பிறகு சவாரி குறைந்தது, வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தது, வண்டி நின்றது. அவர் குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அவரை நான் மோசக்காரர் என்று எழுதமாட்டேன். மோசம் செய்யும் எண்ணமே இல்லாதவருக்குப் போட்ட ஜாமீனும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறது.

கணிதம் படிப்பதால் தவணை அட்டவணையை நானே போட்டுப் பார்த்தேன். பத்துத் தவணையில் அவர் கட்டியது 99,640 ரூபாய். "லட்ச ரூபாய் கட்டிவிட்டான், இரண்டு லட்சம்தான் பாக்கி" என்றே மாமா எண்ணியிருந்தார். ஆனால் முதல் மாதத் தவணையில் 3,000 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 6,964 மட்டுமே. மாதந்தோறும் வட்டிப் பங்கு சிறிது குறையும், அசல் பங்கு சிறிது கூடும். பத்து மாதத்தில் அசலில் கழிந்தது 72,862 ரூபாய். நின்ற அசல் 2,27,138. அதன்பின் பதினான்கு மாதம் ஒன்றும் கட்டப்படவில்லை. மாதம் ஒரு சதவீதம் வட்டி, அந்த வட்டிக்கும் வட்டி என்று ஏறி, அது 2,61,089 ஆயிற்று. வண்டியைக் கைப்பற்றியது, ஷெட்டில் நிறுத்தியது, நோட்டீஸ் என்று செலவு 8,500. வண்டியை ஏலம் விட்டதில் கிடைத்தது 1,20,000. ஆக மீதம் 1,49,589 ரூபாய். அந்தத் தொகைக்குத்தான் மாமாவுக்கு நோட்டீஸ் வந்தது.

"டேய் மாப்பிள்ளை, இதுல என்ன போட்டிருக்குன்னு படி" என்று அதை என்னிடம் நீட்டினார். படித்துச் சொன்னேன். மறுநாள் இருவரும் வங்கிக்குப் போனோம்.

"சார், நான் ஜாமீன்தான் போட்டேன். வாங்கினவன் அவன்" என்றார் மாமா.

"அதனால்தாங்க உங்களைக் கேட்கிறோம்" என்றார் மேனேஜர். அதில் கிண்டல் ஏதும் இல்லை. சட்டத்தையே அவர் பேச்சு வழக்கில் கூறினார், அவ்வளவுதான்.

மளிகைக் கடைக்காரரும் ஜாமீன்தானே, அவரை ஏன் விட்டார்கள்? விட்டார்கள் என்று சொல்வதற்கில்லை. அவருக்கும் நோட்டீஸ் போயிற்று. ஆனால் கடைக்காரரின் வருமானம் கண்ணுக்குத் தெரியாது. மாமாவின் வருமானம் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில், ஒரே கணக்கில் வந்து விழுகிறது. கோர்ட்டில் டிகிரி வாங்கிவிட்டால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவுப்படி, சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொடக்கூடாது. மீதியை ஜப்தி செய்யலாம். சில படிகளுக்கு அரசு விலக்கு அளித்திருப்பதால் அவற்றையும் தள்ளிவிட்டு, ஜப்திக்கு உட்படும் சம்பளம் 31,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் போக முப்பதாயிரம். அதில் மூன்றில் ஒரு பங்கு பத்தாயிரம். மாதம் பத்தாயிரம் வீதம், ஒரு டிகிரிக்கு மொத்தம் இருபத்து நான்கு மாதங்கள்வரை பிடிக்கலாம். ஓய்வூதியத்தையும் சேமநல நிதியையும் இவ்வாறு ஜப்தி செய்ய முடியாது. ஜாமீனுக்கு ஆள் தேடுபவர்கள் அரசு ஊழியர் வீட்டு வாசலையும், நம் பேராசிரியர்கள் வீட்டு வாசலையும் முதலில் தட்டுவதற்குக் காரணம் மரியாதை மட்டுமன்று என்பது இதனால் விளங்கும்!

மாமாவின் விஷயத்தில் கோர்ட்டுவரை போகவேண்டிய அவசியமே வங்கிக்கு ஏற்படவில்லை. அதே கிளையில், மகள் கல்யாணத்துக்கென்று அவர் போட்டிருந்த 80,000 ரூபாய் டெபாசிட் இருந்தது. பிணையாளரின் எந்தக் கணக்கில் பணம் இருந்தாலும் கடன் பாக்கிக்கு ஈடுசெய்துகொள்ளலாம் என்று படிவத்தின் ஒரு வரி சொல்கிறது. 2024 ஜூனில் டெபாசிட் முதிர்ந்ததும் அது கடன் கணக்குக்கு மாறியது. மீதி 69,589 ரூபாயைச் சிறிது வட்டியோடு பன்னிரண்டு மாதத்தில் கட்டுவதாக மாமா எழுதிக்கொடுத்து, 2025 ஜூனில் முடித்தார்.

"பதினான்கு மாதம் பேசாமல் இருந்துவிட்டு வட்டியை ஏற்றிக் கேட்பது என்ன நியாயம்? முதல் மாதமே சொல்லியிருந்தால் ஆளைப் பிடித்திருப்பேனே" என்று மாமா மனம் வெதும்பினார். அவர் கேள்வியில் நியாயம் இருக்கிறது. சட்டத்தில் இடம் இல்லை. கடன் கொடுத்தவர் வழக்குப் போடாமல் சும்மா இருந்தார் என்பதனால் மட்டும் பிணையாளர் விடுபட மாட்டார் என்கிறது 137-ஆம் பிரிவு. அப்படியானால் பிணையாளருக்கு முன்கூட்டியே தெரியும் வழிதான் என்ன? ஒன்று, ஆறு மாதத்திற்கொரு முறையாவது நண்பரிடமோ வங்கியிடமோ கணக்கு விவரத்தைக் கேட்டு வாங்குவது. இதைச் சந்தேகப்படுதல் என்று நினைத்துக் கூச்சப்படுகிறோம். மற்றொரு வழியில் கூச்சத்துக்கே இடமில்லை. சிபில், ஈக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், கிரிஃப் ஹைமார்க் என்னும் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் இயங்குகின்றன. ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை நமக்கு இலவசமாகத் தரவேண்டும். நாம் ஜாமீன் போட்ட கடனும் நம் அறிக்கையில், 'பிணையாளர்' என்ற குறிப்போடு இடம்பெறும். தவணை தவறினால் எத்தனை நாள் பாக்கி என்பதும் அதில் ஏறும். மாமா அதைப் பார்த்திருந்தால் 2023-லேயே விஷயம் தெரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை, ஆனால் வேறொரு வங்கி பார்த்தது. வீட்டுக்கு மாடி கட்டக் கடன் கேட்டபோது, காரணம் தெளிவாகக் கூறாமல் அவரைத் திருப்பியனுப்பிய வங்கி அது. அப்போது அவர் அதை இந்த ஜாமீனோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

நிற்க. பணம் கட்டிய பிணையாளருக்குச் சட்டம் ஒன்றுமே தரவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. தருகிறது, ஆனால் அதைத் தானே போய் எடுத்துக்கொள்ள வேண்டும். 145-ஆம் பிரிவுப்படி, முறையாகக் கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெற அவருக்கு உரிமை உண்டு. அப்படித் தருவேன் என்று எழுதி வாங்கியிருக்க வேண்டியதில்லை. 140, 141-ஆம் பிரிவுகள் அவரை வங்கியின் இடத்தில் நிறுத்துகின்றன. கடனுக்கு ஈடாக வங்கி வைத்திருந்த பொருள் மிச்சமிருந்தால், கடனை முழுவதும் தீர்த்த பிணையாளர் அதன்மேல் உரிமை கோரலாம். மாமாவுக்கு இது பயன்படவில்லை; வண்டி ஏற்கெனவே ஏலம் போய்விட்டது. நிலப் பத்திரமோ நகையோ ஈடாக இருக்கும் கடன்களில் இவ்வுரிமை பெரிது. கடனைத் தீர்க்கும் நாளன்றே வங்கியிடம் இதை எழுத்தில் கேட்டுவிட வேண்டும். பத்திரம் கடனாளியின் கைக்குப் போய்விட்ட பிறகு கேட்பது வீண்.

மாமாவுக்குப் பயன்பட்டது 146-ஆம் பிரிவு. ஒரே கடனுக்குப் பலர் பிணை நின்றால், அவர்களுக்குள் பொறுப்பு சமம். வங்கி யாரிடம் வேண்டுமானாலும் முழுவதையும் வாங்கலாம். வாங்கிய பிறகு, அதிகம் கட்டியவர் மற்றவரிடம் அவருடைய பங்கைக் கேட்கலாம். 1,49,589-இல் பாதி 74,794 ரூபாய் 50 காசு. கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது, "பேங்க் என்னைக் கேட்கவே இல்லையே, நீங்களாகக் கட்டினீர்கள்" என்றார். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு 40,000 கொடுத்தார். மீதியைப் பண்டிகைக்குப் பண்டிகை தள்ளிக்கொண்டு வருகிறார்.

இங்கே இரண்டு நுட்பங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது ரசீது. நண்பரின் கடன் கணக்கில் ரொக்கமாகச் செலுத்தினால், ரசீதில் நண்பரின் பெயர்தான் இருக்கும். நாளைக்கு "நானே கட்டினேன்" என்று நண்பர் கூறினால் மறுக்கச் சான்று இராது. எனவே மாமா தம் கணக்கிலிருந்து மாற்றல் மூலமாகவே செலுத்தினார். 'பிணையாளர் என்ற முறையில் இன்னார் செலுத்தியது' என்று வங்கியிடம் கடிதமும் வாங்கினார். அந்தக் கடிதத்துக்கு மூன்று முறை நடந்தோம். இரண்டாவது காலக்கெடு. கடனாளிமீதோ சகபிணையாளர்மீதோ வழக்குப் போட, பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே உண்டு. டெபாசிட்டிலிருந்து போன 80,000 ரூபாய்க்கு அந்தக் கெடு 2027 ஜூனில் முடிகிறது. "சிநேகிதன் மேல் எப்படிக் கேஸ் போடுவது?" என்று மாமா இன்னும் தயங்குகிறார். அத்தை தயங்கவில்லை.

இனி, தப்பும் வாசல்களைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டத்தை மட்டும் படித்தால் பிணையாளருக்குப் பல வாசல்கள் திறந்திருப்பதாகத் தோன்றும். பிணையாளரைக் கேட்காமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்திய கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பல்லர் என்கிறது 133-ஆம் பிரிவு. கடனாளியோடு தனியாகச் சமரசம் செய்தாலோ, தவணையை நீட்டித்தர ஒப்பந்தம் செய்தாலோ பிணையாளர் விடுபடுவார் என்கிறது 135. நல்ல பாதுகாப்புகள்தாம். ஆனால் மாமாவின் படிவத்தை வாங்கி நான் எழுத்தெண்ணிப் படித்தபோது, இவ்வாசல்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு போகும் பத்தி ஒன்றைக் கண்டேன். வங்கி தன் விருப்பம்போல் வட்டியை மாற்றலாம், அவகாசம் கொடுக்கலாம், ஈட்டை விடுவிக்கலாம். இவற்றுக்கெல்லாம் பிணையாளர் இப்போதே சம்மதிக்கிறார், சட்டம் தரும் உரிமைகளை விட்டுக்கொடுக்கிறார் என்பது அதன் பொருள். முன்கூட்டித் தரும் இத்தகைய சம்மதத்தைக் கோர்ட்டுகள் பொதுவாக ஏற்கின்றன. பதினொரு கையெழுத்தில் ஒன்று இதற்குத்தான் விழுந்திருக்கிறது.

"எனக்கு வேண்டாம், விலகிக்கொள்கிறேன் என்று இடையில் எழுதிக்கொடுத்தால் என்ன?" என்று என் வகுப்புத் தோழன் கேட்டான். கடைக்காரர்களுக்கு வங்கி தரும் ஓவர்டிராப்ட் போல, எடுப்பதும் கட்டுவதுமாகத் தொடரும் கணக்குக்குப் போட்ட ஜாமீனானால், நோட்டீஸ் கொடுத்து இனி எடுக்கப்போகும் தொகைக்கு மட்டும் பொறுப்பை நிறுத்தலாம்; அதுவரை எடுத்ததற்குப் பொறுப்பு உண்டு. ஒரே தடவையில் மொத்தமாகக் கொடுத்துவிட்ட வண்டிக் கடன், வீட்டுக் கடன் போன்றவற்றில் அந்த வழி இல்லை. வங்கி ஒப்புக்கொண்டு வேறொரு ஜாமீனை ஏற்றால்தான் விடுதலை. பிணையாளர் இறந்துபோனாலும், ஏற்கெனவே ஏற்பட்ட பொறுப்பு அவர் விட்டுச்சென்ற சொத்தைத் தொடர்கிறது. வாரிசுகள் தங்கள் கைப்பணத்திலிருந்து கட்டவேண்டியதில்லை. வந்து சேர்ந்த சொத்தின் அளவுக்கே பொறுப்பு. தகப்பனார் இறந்த பிறகுதான் அவர் யாருக்கோ ஜாமீன் போட்டிருந்தது தெரியவரும் குடும்பங்களும் உண்டு.

ஆகவே எதையாவது செய்ய முடியுமானால் அது பேனா தாளில் படுவதற்கு முன்புதான். 128-ஆம் பிரிவில் "வேறு விதமாக எழுதப்படாதவரை" என்று ஒரு தொடர் இருந்ததல்லவா? அந்தத் தொடர்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே சாவி. 'என் பொறுப்பு வட்டி, செலவு உட்பட 50,000 ரூபாய்க்கு மேற்படாது' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி, வங்கியும் அதை ஏற்றால் பொறுப்பு அந்த அளவோடு நின்றுவிடும். வாய்ப்பேச்சில் சொன்னால் போதாது. தொகை எழுதாமல் விட்ட காலி இடத்துக்குக் கீழே கையெழுத்திடுவது இதற்கு நேர் எதிரானது. ஸ்டாம்பு ஒட்டிய வெற்றுப் புரோ நோட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், ஸ்டாம்பின் மதிப்பு தாங்கும் அளவுக்குள் தொகையை நிரப்பிக்கொள்ள வாங்கியவருக்கு அதிகாரம் தந்ததாகவே மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு கொள்கிறது.

சென்ற தைமாதம் மாமாவின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர், தங்கையின் கல்யாணச் செலவுக்காக இரண்டு லட்ச ரூபாய்க் கடனுக்குப் படிவத்தோடு வீட்டுக்கு வந்தார். மாமா மறுக்கவில்லை. படிவத்தை ஒரு நாள் வைத்துக்கொண்டார். மாலையில் நான் அதை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். மறுநாள் இருவருமாக வங்கிக்குப் போய், "ஐம்பதாயிரத்துக்கு மட்டும் என்று எழுதிக்கொள்கிறீர்களா?" என்று கேட்டார்கள். அச்சடித்த படிவத்தில் திருத்தம் செய்யத் தமக்கு அதிகாரமில்லை என்று அங்கிருந்த அதிகாரி சொன்னார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம், ஒரு மாதமாகும் என்றும் சொன்னார். கல்யாணத்துக்கோ பதினெட்டு நாள்தான் இருந்தது. அந்த நண்பர் தம் மனைவியின் இரட்டைவடச் சங்கிலியை அதே வங்கியில் அடகு வைத்து ஒன்றே கால் லட்சம் வாங்கிக்கொண்டார். பந்தலையும் மேளத்தையும் கொஞ்சம் சுருக்கிக்கொண்டார். மாமா மொய் 2,001 எழுதினார்.

அவர்கள் இருவரும் இன்றும் ஒன்றாகத்தான் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கிறார்கள். சங்கிலி இன்னும் திரும்பவில்லை. வட்டியை மட்டும் அவர் தவறாமல் கட்டி வருகிறார்.